அந்துருண்டையில் கரைந்த கந்தகம்: உறைநிலையைக் கொண்டு மூலக்கூறை நிறுத்தல்

நாப்தலீனை உருக்கி ஆறவிட்டால் 80.2 டிகிரி செல்சியஸில் அது உறையத் தொடங்கும். துணிப் பெட்டியில் போட்டு வைக்கும் அந்துருண்டையாக வீடுகளில் பழகிய வெள்ளைப் பொருள் அதுதான். உருகிய நாப்தலீனில் சிறிது கந்தகத்தைக் கரைத்தபின் ஆறவிட்டால், அதே நாப்தலீன் 80.2 டிகிரியில் உறையாது. ஒரு டிகிரியோ ஒன்றரை டிகிரியோ கீழே இறங்கிய பிறகுதான் முதல் படிகம் தோன்றும். இந்தச் சிறிய இறக்கத்துக்கு உறைநிலைத் தாழ்வு என்று பெயர். கரைத்த பொருளின் எடையும் இந்தத் தாழ்வும் தெரிந்தால், அந்தப் பொருளின் ஒரு மோல் எத்தனை கிராம் என்று சொல்லிவிடலாம். அதாவது, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் எடையை ஒரு வெப்பமானியும் ஒரு தராசும் காட்டிக்கொடுக்கும்.

எடுத்துக்காட்டாகக் கந்தகத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கந்தக அணுவின் நிறை 32 என்பது கந்தகச் சேர்மங்களைப் பகுத்தாய்ந்தே தெரிந்துவிட்ட எண். ஆனால் மஞ்சள் கட்டியாகக் கையில் இருக்கும் கந்தகத்தில் எத்தனை அணுக்கள் சேர்ந்து ஒரு மூலக்கூறாகின்றன என்பதை அந்த எண் சொல்லாது. மூலக்கூறின் எடையை அறிய வேதியியலார் முதலில் கையாண்ட வழி, பொருளை ஆவியாக்கி ஆவியின் அடர்த்தியை அளப்பது. கந்தகத்தில் அந்த வழி குழப்பத்தையே தந்தது. 500 டிகிரி அருகில் அளந்தால் மூலக்கூறுக்கு ஏறக்குறைய ஆறு அணு என்று வரும். ஆயிரம் டிகிரி அருகில் அளந்தால் இரண்டு அணு என்று வரும். வெப்பம் ஏற ஏற மூலக்கூறே உடைகிறது என்பதுதான் விளக்கம். சூட்டில் உடையும் பொருளை ஆவியாக்கி எடை போடுவதில் பயனில்லை. உடையாத வெப்பநிலையில், வேறொரு திரவத்தில் கரைத்து அளக்க வேண்டும். உறைநிலை முறை அதற்கு வழி செய்கிறது.

கரைபொருள் சேர்ந்ததும் உறைநிலை ஏன் இறங்குகிறது? உருகிய நாப்தலீனில் ஒரு சிறு நாப்தலீன் படிகம் மிதப்பதாகக் கொள்ளலாம். படிகத்தின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் கழன்று திரவத்துக்குள் போகின்றன. திரவத்திலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் வந்து படிகத்தில் ஒட்டுகின்றன. போவதும் வருவதும் சமமாக இருக்கும் வெப்பநிலைதான் உறைநிலை. அதற்கு மேலே சூடு ஏறினால் போவது மிகுந்து படிகம் கரையும். கீழே இறங்கினால் வருவது மிகுந்து படிகம் வளரும்.

இப்போது திரவத்தில் கந்தகம் கலந்திருக்கிறது. படிகமோ சுத்த நாப்தலீனாகவே வளர்கிறது, கந்தக மூலக்கூறை உள்ளே சேர்ப்பதில்லை. ஆகவே படிகத்தைவிட்டுப் போகும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. வந்து ஒட்டும் மூலக்கூறுகளோ குறைந்துவிடுகின்றன, ஏனென்றால் படிகத்தை அடுத்துள்ள திரவத்தில் சில இடங்களைக் கந்தகம் பிடித்துக்கொண்டது. 80.2 டிகிரியில் இருந்த சமநிலை குலைகிறது. போவதையும் அந்த அளவுக்குக் குறைத்தால்தான் மறுபடி சமநிலை வரும். போவதைக் குறைக்க ஒரே வழி குளிர்விப்பது. உறைநிலை இறங்குவதன் பொருள் இவ்வளவுதான்.

இந்த விளக்கத்தில் கந்தகத்தின் நிறமோ மணமோ வேதிக் குணமோ எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை இடங்கள் பிடிபட்டன என்பது மட்டுமே கணக்கு. இடத்தைப் பிடித்தது சிறிய மூலக்கூறா பெரிய மூலக்கூறா என்பதுகூட, கரைசல் நீர்த்ததாக இருக்கும்வரை, கணக்கில் வராது. வெப்பமானி இங்கே எடை பார்ப்பதில்லை, தலைகளை எண்ணுகிறது. ஒரு மூட்டை நெல்லின் எடையும் அதிலுள்ள மணிகளின் எண்ணிக்கையும் தெரிந்தால் ஒரு மணியின் எடை தெரிந்துவிடும் அல்லவா? அதுபோலத் தராசு மொத்த எடையைத் தருகிறது, வெப்பமானி எண்ணிக்கையைத் தருகிறது, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை கிடைக்கிறது.

உப்பு கூடக் கூட நீரின் உறைநிலை அதற்கேற்ற விகிதத்தில் இறங்குகிறது என்பதை 1788இல் சார்லஸ் பிளாக்டன் எழுதினார். ஆனால் அது எண்ணிக்கையைப் பற்றிய செய்தி என்று தெளிவானது 1880களில்தான். பிரான்சின் கிரனோபிள் நகரில் பணியாற்றிய பிரான்சுவா மரீ ராவுல் பல கரிமப் பொருள்களைப் பல கரைப்பான்களில் கரைத்து, பொறுமையாக ஒவ்வொன்றின் உறைநிலையையும் அளந்தார். ஒரே கரைப்பானில் எந்தப் பொருளின் ஒரு மோலைக் கரைத்தாலும் தாழ்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைக் கண்டார். இன்று அது இப்படி எழுதப்படுகிறது:

ΔT = Kf × m

ΔT என்பது உறைநிலைத் தாழ்வு. m என்பது மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோகிராம் கரைப்பானில் கரைந்துள்ள மோல்களின் எண்ணிக்கை. Kf கரைப்பானுக்கு மட்டுமே உரிய மாறிலி. நீருக்கு அது 1.86, பென்சீனுக்கு 5.12, நாப்தலீனுக்கு 6.9. ஒரு கிலோ நீரில் எதன் ஒரு மோலைக் கரைத்தாலும் உறைநிலை சுமார் 1.86 டிகிரி இறங்கும். அதையே ஒரு கிலோ நாப்தலீனில் கரைத்தால் இறக்கம் ஏறக்குறைய ஏழு டிகிரி. இந்த மாறிலி கரைப்பானின் உருகுநிலையையும் உருகுவதற்கு அது கேட்கும் வெப்பத்தையும் பொறுத்தது என்பதை வாண்ட் ஹாஃப் பின்னர் கணக்கிட்டுக் காட்டினார். மாறிலி பெரியதாக இருந்தால் இறக்கம் பெரிதாகத் தெரியும், அளவுப் பிழையும் குறையும். கந்தகம் நீரில் கரையாது, உருகிய நாப்தலீனில் நன்றாகக் கரையும். இந்த இரண்டு காரணங்களாலும் இந்தச் சோதனைக்கு நாப்தலீன் பொருத்தமான கரைப்பான்.

கரைபொருளின் எடையை w கிராம் என்றும், கரைப்பானின் எடையை W கிராம் என்றும் கொண்டு, மோலார் நிறை M கிடைக்குமாறு வாய்பாட்டைத் திருப்பி எழுதலாம்:

M = (Kf × w × 1000) / (ΔT × W)

சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. அகலமான ஒரு சோதனைக்குழாயில் 20.00 கிராம் நாப்தலீனை நிறுத்துப் போடுகிறார்கள். இரண்டு துளையுள்ள தக்கை ஒன்றில் ஒரு துளை வழியே வெப்பமானியும், மற்றொன்றின் வழியே வளையமாக வளைத்த கம்பிக் கலக்கியும் இறங்குகின்றன. குழாயை 90 முதல் 95 டிகிரி வரை உள்ள நீர்த்தொட்டியில் வைத்து உருக்குகிறார்கள். நேரடித் தீயில் காட்டக் கூடாது. நாப்தலீன் ஆவி எளிதில் தீப்பற்றும், அதை முகர்வதும் நல்லதல்ல. ஆகவே புகைக்கூண்டிலோ நல்ல காற்றோட்டமுள்ள இடத்திலோதான் இதைச் செய்ய வேண்டும். முழுவதும் உருகியதும் குழாயை வெளியே எடுத்து, துடைத்து, அதைவிடப் பெரிய வெற்றுக் குழாய் ஒன்றுக்குள் நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள காற்று ஒரு போர்வைபோல இருந்து ஆறும் வேகத்தைக் குறைக்கிறது. இந்தக் காற்றுப் போர்வையை அவசரத்தில் விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால் குழாயின் சுவரையொட்டி ஒரு வெப்பநிலையும் நடுவில் வேறொரு வெப்பநிலையும் இருக்கும், வெப்பமானி காட்டுவது எதனுடையது என்று சொல்ல முடியாது.

பிறகு கலக்கியை மெல்ல ஏற்றி இறக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கிறார்கள். சுத்த நாப்தலீனில் வெப்பநிலை சீராக இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். வெண்படிகங்கள் செதில் செதிலாகத் தோன்றும். உறையும்போது வெளிப்படும் வெப்பமும் வெளியே கசியும் வெப்பமும் ஈடாகிவிடுவதால் பல நிமிடங்களுக்கு வெப்பமானி அசையாது. வரைபடத்தில் அது மேடைபோலத் தட்டையாகத் தெரியும். இங்கே எடுத்துக்கொள்ளும் கணக்கில் அந்த மேடை 79.90 டிகிரியில் அமைந்ததாகக் கொள்வோம். நூல்கள் சொல்லும் 80.2க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வெப்பமானியின் பிழை. கரைசலையும் அதே வெப்பமானியால்தான் அளக்கப் போகிறார்கள், கழிக்கும்போது அந்தப் பிழை தானே விலகிவிடும். நூலிலுள்ள 80.2ஐ எடுத்துக்கொண்டு கரைசலின் உறைநிலையை மட்டும் அளப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை, வெப்பமானியின் பிழை முழுவதும் விடையில் ஏறிவிடும்.

அடுத்து, குழாயை மறுபடி உருக்கி அதில் 1.00 கிராம் கந்தகத் தூளைப் போட்டுக் கரையும்வரை கலக்க வேண்டும். திரவம் மஞ்சளாக, ஆனால் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்க வேண்டும். அடியில் ஒரு துகள் தங்கியிருந்தாலும் அது எடையில் சேர்ந்திருக்கிறது, எண்ணிக்கையில் சேரவில்லை. விடை உண்மையைவிடப் பெரிதாக வரும். கந்தக ஆவியைக் குளிரவைத்துச் செய்யும் கந்தகப்பூவில் எளிதில் கரையாத பகுதி ஒன்று உண்டு. அதனால் கட்டிக் கந்தகத்தைப் பொடித்துக்கொள்வதே நல்லது.

கரைசல் ஆறுவது சுத்த நாப்தலீன் ஆறுவதுபோல் இருக்காது. சோதனையின் நுட்பம் முழுவதும் இந்தப் பத்து நிமிடங்களில் இருக்கிறது. வெப்பநிலை 79ஐத் தாண்டுகிறது, 78.5ஐத் தாண்டுகிறது, படிகம் இன்னும் வரவில்லை. 77.2 வரை இறங்கிய பிறகு திடீரென்று திரவம் கலங்குகிறது, ஊசி ஊசியாகப் படிகங்கள் பரவுகின்றன, வெப்பநிலை மளமளவென்று ஏறி 78.50ஐத் தொடுகிறது. அங்கே நிற்காமல் மெதுவாகச் சரியத் தொடங்குகிறது. மேடை இல்லை, சரிவுதான் இருக்கிறது.

முதலில் நடந்தது மீக்குளிர்வு. உறைநிலைக்கு வந்துவிட்டாலும், முதல் படிகத்துக்கு வித்து அமையாததால் திரவம் திரவமாகவே கீழே இறங்கிப் போகிறது. வித்து அமைந்ததும் உறைதல் வெப்பம் ஒரேயடியாக வெளிப்பட்டு வெப்பநிலையை மேலே தூக்குகிறது. அதனால் 77.2 என்பது உறைநிலை அல்ல. அதை உறைநிலை என்று எழுதிக்கொண்டால் தாழ்வு 2.70 ஆகும், மோலார் நிறை 128 என்று வரும். 128ஐ 32ஆல் வகுத்தால் சரியாக 4. முழு எண்ணாக வந்துவிட்டதே என்று நம்பிவிட எல்லா வாய்ப்பும் உள்ள தவறான விடை இது.

அடுத்து வரும் சரிவுக்குக் காரணம் வேறு. உறைந்து பிரிவது சுத்த நாப்தலீன். அது பிரியப் பிரிய, மீதமுள்ள திரவத்தில் கந்தகத்தின் செறிவு கூடிக்கொண்டே போகிறது, அதன் உறைநிலையும் இறங்கிக்கொண்டே போகிறது. நாப்தலீனில் ஐந்தில் ஒரு பங்கு உறைந்துவிட்ட நேரத்தில் அளந்தால் தாழ்வு 1.35க்குப் பதில் 1.69 என்று காட்டும். தேவைப்படுவது முதல் படிகம் தோன்றிய கணத்தின் வெப்பநிலை. அந்தக் கணத்தை மீக்குளிர்வு மறைத்துவிட்டது. ஆகவே வரைபடத்தில் சரிவுப் பகுதியின் மேல் ஒரு நேர்கோட்டை வரைந்து, அதைப் பின்னோக்கி நீட்டுகிறார்கள். அது திரவம் ஆறிவந்த கோட்டைச் சந்திக்கும் இடம்தான், மீக்குளிர்வு நேராமலிருந்தால் உறைதல் தொடங்கியிருக்கும் இடம். இந்தக் கணக்கில் அது 78.55 டிகிரி. மீக்குளிர்வு ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருந்தால் ஏறிய உச்சத்துக்கும் இந்தப் புள்ளிக்கும் பெரிய வேறுபாடு வராது, ஒரு டிகிரி மீக்குளிர்வுக்கு நாப்தலீனில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலான பங்குதான் உறையும். மீக்குளிர்வு ஐந்து, ஆறு டிகிரி போய்விட்டால் கலக்கலைக் கூட்டி, அல்லது நாப்தலீன் துணுக்கு ஒன்றை வித்தாகப் போட்டு, சோதனையை மறுபடி செய்வதே முறை.

இனிக் கணக்கு எளிது. தாழ்வு 79.90 − 78.55 = 1.35 டிகிரி. வாய்பாட்டில் இட்டால்:

M = (6.9 × 1.00 × 1000) / (1.35 × 20.00) = 255.6

ஒரு மோலுக்கு ஏறக்குறைய 256 கிராம். கந்தக அணுவின் நிறையான 32.06ஆல் வகுத்தால் 7.97. மூலக்கூறில் அணுக்கள் பாதி பாதியாக இருக்க முடியாது, ஆகவே விடை எட்டு. கட்டிக் கந்தகத்தின் மூலக்கூறு S8.

இந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை வெப்பமானிதான் தீர்மானிக்கிறது. தராசில் 1.00 கிராமுக்கு நூற்றில் ஒரு பங்கு பிழை வந்தாலும் விடை நூற்றில் ஒரு பங்குதான் நகரும். தாழ்விலோ 0.1 டிகிரி பிழை வந்தால் கதையே மாறிவிடும். 1.25 என்று படித்தால் மோலார் நிறை 276, அணுக்கள் 8.6. 1.45 என்று படித்தால் 238, அணுக்கள் 7.4. ஏழா, எட்டா, ஒன்பதா என்று சொல்ல முடியாத நிலை. ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட சாதாரண வெப்பமானியால் இந்தச் சோதனையைச் செய்து எட்டு என்று எழுதுவது, விடையை முன்பே தெரிந்துகொண்டு எழுதுவதுதான். பிழை 0.02 டிகிரிக்குள் அடங்கினால் அணுக்கள் 7.85க்கும் 8.1க்கும் இடையில் நிற்கும், ஐயத்துக்கு இடமில்லை. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெக்மன் 1888இல் உருவாக்கிய வெப்பமானி இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. ஐந்தாறு டிகிரி நீளத்தை மட்டுமே அது காட்டும், ஆனால் ஒவ்வொரு டிகிரியும் நூறு பிரிவுகளாகப் பிரிந்திருக்கும். மேலே உள்ள தேக்கத்துக்குப் பாதரசத்தை ஏற்றியும் இறக்கியும், அந்த ஐந்தாறு டிகிரியை வேண்டிய வெப்பநிலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். உறைநிலை எத்தனை டிகிரி என்பது இங்கே வேண்டியதில்லை, எவ்வளவு இறங்கியது என்பதே போதும் என்பதை அந்தக் கருவி நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

கரைப்பான் சுத்தமாக இருக்கிறதா என்பதைச் சோதனையே சொல்லிவிடும். சுத்த நாப்தலீனின் மேடை தட்டையாக இல்லாமல் முதல் ஓட்டத்திலேயே சரிந்தால், அதில் ஏற்கெனவே வேறேதோ கரைந்திருக்கிறது. கடையில் வாங்கிய உருண்டை 53 டிகிரி அருகில் உறைந்தால் அது நாப்தலீனே அல்ல. அந்துருண்டை என்ற பெயரிலேயே விற்கப்படும் பாராடைகுளோரோபென்சீன் அது. நாப்தலீனை நெடுநேரம் சூட்டில் வைத்திருந்தால் அது ஆவியாகித் தக்கையின் அடியில் வெண்தூளாகப் படிவதையும் காணலாம். அந்த அளவுக்குக் கரைப்பான் குறைந்துவிட்டது, தாழ்வு கூடும், மோலார் நிறை குறைவாக வரும். வேலை முடிந்த பின் உறைந்த கட்டியிலிருந்து வெப்பமானியை இழுக்கக் கூடாது, குமிழ் உடைந்துவிடும். உருக்கி எடுத்து, உருகலை ஒரு தாளில் ஊற்றி உறையவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினால் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

எண்ணப்படுவது தலைகள் என்பதால், கரைந்த பொருள் உடைந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ வெப்பமானி அதையும் எண்ணிவிடும். ஒரு கிலோ நீரில் 5.85 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் 0.186 டிகிரி இறங்க வேண்டும். உண்மையில் 0.35 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. அதைக்கொண்டு கணக்கிட்டால் உப்பின் மோலார் நிறை 58.5க்குப் பதில் 31 என்று வரும். உப்பு இரண்டு அயனிகளாகப் பிரிந்துவிட்டதே காரணம். உப்புக்கரைசல்களில் கண்ட இந்த மிகையான தாழ்வு, அயனிகள் கரைசலில் தனித்தனியே உலவுகின்றன என்ற அரீனியசின் கொள்கைக்குச் சான்றாக நின்றது. பென்சாயிக் அமிலத்தில் நடப்பது இதற்கு நேரெதிர். அதன் மோலார் நிறை 122. பென்சீனில் கரைத்து அளந்தால் அதன் இருமடங்கான 244ஐ ஒட்டி வருகிறது. இரண்டு மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து ஒன்றாகத் திரிகின்றன. ஆகவே முன்பின் அறியாத ஒரு பொருளை ஒரே கரைப்பானில் மட்டும் அளந்து முடிவு கட்டுவது சரியல்ல. வேறொரு கரைப்பானிலும் அதே எண் வந்தால் நம்பலாம்.

ஒரே கரைப்பானிலும், ஒரே எடையில் நிறுத்திவிடக் கூடாது. வாய்பாடு நீர்த்த கரைசலுக்கே பொருந்தும். கரைபொருள் கூடினால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதும் தள்ளுவதும் கணக்கைக் கலைத்துவிடும். அரை கிராம், ஒரு கிராம், ஒன்றரை கிராம் என்று கந்தகத்தைப் படிப்படியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் மோலார் நிறையைக் கணக்கிட வேண்டும். மூன்றும் ஒரே எண்ணைச் சுற்றி நின்றால் நல்லது. ஏறியோ இறங்கியோ போனால், செறிவு சுழியாகும் இடத்துக்குக் கோட்டை நீட்டி அங்கே வரும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இம்முறையால் மூலக்கூறில் எட்டு அணுக்கள் இருப்பது தெரிந்தது. அந்த எட்டும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்ல அதனால் இயலாது. சங்கிலியாக நின்றாலும் வளையமாக நின்றாலும் ஒரு மூலக்கூறு திரவத்தில் ஒரு தலைதான். 1935இல் கந்தகப் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆய்ந்து அமைப்பைத் தீர்த்தபோது, எட்டு அணுக்களும் மேலும் கீழுமாக மாறி மாறி நின்று ஒரு கிரீடம்போல வளையமாகப் பிணைந்திருப்பது தெரிந்தது.